இது பேடகி மிளகாயா, இல்லை அது போலவே இருக்கும் ஒட்டு ரகமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில் காஷ்மீரி என்று சொல்லித் தந்த வத்தல், படம் கீழே, பக்கத்தில் ஸ்கேல் வைத்திருக்கிறேன். எனக்கென்னவோ காஷ்மீரி என்று தோன்றவில்லை, அது இதைவிடக் குட்டையாக, அகலமாக இருக்கும். இது பெரும்பாலும் 12 முதல் 15 செ.மீ. நீளம், ஒல்லி, தோல் முழுக்க ஆழமான சுருக்கம், கருஞ்சிவப்பு. சன்னம் ரக மிளகாயும் இல்லை, அதன் தோல் வழவழப்பாக இருக்கும். ஆக, பார்வைக்கு அப்படியே பேடகியில் 'கட்டி' என்கிற ஒல்லி வகை.

ஈரப் பஞ்சால் தேய்த்துப் பார்த்தேன், சாயம் ஒட்டவில்லை. விதை நீக்கி வெந்நீரில் ஊறவைத்து அரைத்தால் நிறம் அருமை, ஆனால் காரம் கொஞ்சம் தாமதமாக ஏறி நாக்கிலேயே நிற்கிறது. பேடகி இவ்வளவு காரமாக இருக்காதே! பேடகி போலவே சுருக்கத்தோடு, காரம் கூடுதலாக இருக்கும் ஒட்டு ரகங்களைக் கலந்து விற்பதும் உண்டு.

குழம்புத்தூளில் காரத்துக்குக் குண்டு மிளகாயும் நிறத்துக்கு இதையும் சமமாகப் போடுவதாக இருந்தேன், ஒட்டு ரகம் என்றால் குண்டைக் குறைக்க வேண்டும். அரைக்கும் முன் கேட்கிறேன்: காம்பு, தோல், சுருக்கத்தைப் பார்த்து இது எந்த ரகம் என்று சொல்ல முடியுமா?