பேஸுக்குள்ள இறக்கம் சின்னதாகிட்டே வர்றதுக்கு என்ன பேர் வைக்கலாம்?

சரவணன்:

எல்லாருக்கும் வணக்கம். சந்தைச் சொற்பட்டியல்ல ரொம்ப நாளா காலியா கிடக்கிற இடம் ஒண்ணு, விசிபி. அதாங்க, வொலட்டிலிட்டி கான்ட்ராக்‌ஷன் பேட்டர்ன். அமெரிக்காவுல மார்க் மினர்வினி பரப்பின பேரு, வளர்ச்சிப் பங்கு வாங்குறவங்க எல்லாரும் இப்ப இதைத்தான் பேசுறாங்க, தமிழ்ல எழுதுறவங்க மட்டும் ஆளுக்கு ஒரு பேர் வைக்கிறாங்க. "ஏற்ற இறக்கச் சுருக்க முறை"ன்னு ஒரு எடத்துல பார்த்தேன், படிச்சா ஏதோ கட்டுரைச் சுருக்கம் மாதிரி இருக்கு.

பேர் வைக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சார்ட்டை எல்லாரும் மனசுல வச்சுக்கலாம். மினர்வினி காட்டுற மெரிடியன் பயோசயின்ஸ், நோய் கண்டறியிற டெஸ்ட் கிட் பண்ணுற அமெரிக்க கம்பெனி. 2006 ஏப்ரல் வாக்குல 19 டாலர்லேர்ந்து 13க்கு இறங்குது, 31 சதவீதம். திரும்ப ஏறி 17ஐத் தாண்டி கொஞ்சம் போயிட்டு 14க்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் இறங்குது, இந்த தடவை 17 சதவீதம்தான். மறுபடி 17க்கு மேல போய் 16க்குக் கொஞ்சம் கீழ வந்து நிக்குது, 8 சதவீதம். கடைசியா ரெண்டு வாரம் வெறும் 3 சதவீதத்துக்குள்ள அசையாம கிடக்குது, வால்யூமும் வத்திப் போகுது. 2007 ஜனவரியில வால்யூமோட உடைச்சு மேல போச்சு, அடுத்த 15 மாசத்துல ரெண்டு மடங்குக்கு மேல ஆச்சு. மொத்த பேஸ் 40 வாரம், நாலு சுருக்கம்.

இதுக்கு ஒரு சொல் வேணும். என் பரிந்துரை: அலைவுச் சுருக்கம்.

கார்த்தி:

சரவணன், அலைவுச் சுருக்கம்னு ஏற்கெனவே நாம பொலிஞ்சர் பேண்ட் ஸ்குவீஸுக்கு எழுதி வச்சிருக்கோமே? ரெண்டும் ஒண்ணுதான். பேண்ட் குறுகுது, அப்புறம் வெடிக்குது. மினர்வினி அதுக்குப் புதுப் பேர் குடுத்திருக்கார், அவ்ளோதான். ஒரே பதிவுல ரெண்டையும் போட்டுட்டு முடிச்சிடலாம். நான் ஸ்கிரீனர்ல பேண்ட் அகலம் ஆறு மாசத்துல குறைச்சலா இருக்கிற ஷேரை எடுத்துதான் விசிபி தேடுறேன், நல்லாவே கிடைக்குது.

இராமநாதன்:

அன்பர்களே, இயற்பியல் பாடநூலில் இதற்கு நெருக்கமான சொல் இருக்கிறது. வீச்சு படிப்படியாகக் குறையும் அலைவைத் "தடையுறு அலைவு" என்று பதினோராம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கிறோம். ஊசலைக் காற்றிலே ஆட விட்டால் முதல் வீச்சு பெரிது, அடுத்தது சிறிது, கடைசியில் ஓய்ந்து நிற்கும். சரவணன் தந்த 31, 17, 8, 3 என்ற வரிசையைப் பார்த்ததும் எனக்கு அதுதான் தோன்றியது, ஏறக்குறைய ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி. ஏற்கெனவே மாணவர் அறிந்த சொல்லை விட்டுப் புதிது எதற்கு?

கலா:

ஐயா சொன்ன பாதிக்குப் பாதி விஷயம் சரிதான், மினர்வினியே ஒவ்வொரு சுருக்கமும் முந்தியதுல சுமாரா பாதி, கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம்னுதான் சொல்றார். ஆனா ஊசல் நடுவுல வந்து ஓயும் ஐயா. இங்க அப்படி இல்ல. மெரிடியன் சார்ட்டுல ரெண்டாவது அலையிலேர்ந்து மேல்பக்கம் 17 கிட்டயே நிக்குது, கீழ்ப்பக்கம் மட்டும் 13, 14, 16ன்னு ஏறிட்டே வருது. அதாவது சுருங்குறது இறக்கம் மட்டும்தான். விலை மேல்கோட்டை ஒட்டிதான் அடங்குது, நடுவுல இல்ல.

ஏன் அப்படின்னு பார்த்தா பேர் தானா வரும். 19ல வாங்கினவன் 13ஐப் பார்த்து தூக்கம் கெட்டுப் போயிருக்கான். விலை 17க்கு வந்ததும் "கொஞ்சம் நஷ்டத்தோட போகட்டும்"னு விக்கிறான். 13, 14ல வாங்கினவன் லாபம் வந்துடுச்சுன்னு அங்கேயே விக்கிறான். ரெண்டு பேரும் சேர்ந்து விக்கிறதால 17 சதவீதம் இறங்குது. ஆனா அவங்க வித்ததை யாரோ வாங்கியிருக்காங்க இல்ல, அவங்க பொறுமையா வச்சிருக்கிற கை. அடுத்த தடவை 17 வரும்போது விக்க மிச்சம் இருக்கிறவங்க கம்மி, அதனால 8தான் இறங்குது. அதுக்கடுத்து விக்க ஆளே கிட்டத்தட்ட இல்ல, 3. வால்யூம் வத்துறதுதான் இதுக்கு சாட்சி. விலை இறுகியும் வால்யூம் குறையாம பெருசாவே ஓடுதுன்னா இன்னும் யாரோ வித்துட்டு இருக்காங்கன்னு அர்த்தம், நான் அதைத் தொட மாட்டேன்.

கார்த்தி தம்பி, பொலிஞ்சர் ஒண்ணு இல்லப்பா. அது 20 நாளோட சராசரியையும் அதுலேர்ந்து விலை எவ்ளோ விலகுதுங்கிறதையும்தான் பார்க்கும். முன்னாடி 31 இறங்குச்சா 17 இறங்குச்சான்னு அதுக்குத் தெரியாது. ரெண்டு வருஷமா இறங்கி அடியில செத்துக் கிடக்கிற ஷேருக்கும் பேண்ட் குறுகும், மேலயும் உடைக்கலாம் கீழயும் உடைக்கலாம். விசிபிக்கு ஷேர் முன்னாடியே நல்ல ஏத்தத்துல இருக்கணும், 200 நாள் சராசரி மேல் நோக்கிப் போகணும், விலை அதுக்கு மேல நிக்கணும், 52 வார உச்சத்துலேர்ந்து ரொம்ப தள்ளி இருக்கக் கூடாது. உன் ஸ்கிரீனர்ல வர்றதுல சிலது விசிபியா இருக்கும், ஏன்னா கடைசி இறுக்கத்துல பேண்டும் குறுகத்தான் செய்யும். ஆனா பாதிக் கதைதான் அது.

அதனால அலைவுச் சுருக்கம் பொலிஞ்சருக்கே இருக்கட்டும். இதோட பேர்ல "இறக்கம்" இருந்தே ஆகணும்ங்கிறது என் கட்சி.

முபாரக்:

கலாக்கா, பேர் விஷயம் அப்புறம், எனக்கு ஒரு சந்தேகம். நான் வச்சிருந்த ஒரு சின்ன கம்பெனி ஷேர் இப்படியேதான் இருந்துச்சு, 20 சதவீதம் இறக்கம், அப்புறம் 12, அப்புறம் 6க்கும் கம்மி, தினமும் குட்டி குட்டி கேண்டில், வால்யூம் சுத்தமா வத்திடுச்சு. உடைச்சதும் வாங்கினேன். ஒரு வாரத்துல ரெண்டு நாள் தொடர்ந்து லோயர் சர்க்யூட், ஸ்டாப் லாஸ் போட்டிருந்தேன், வாங்க ஆள் இல்லாம ஆர்டர் அப்படியே கிடந்துச்சு. அப்ப இந்த விசிபி நம்ம ஊர் மார்க்கெட்டுக்கு ஒத்து வராதுன்னுதானே அர்த்தம்? அது டி2டிக்கு மாத்தின ஷேர்தான், ஆனா சார்ட் அச்சு அசல் அப்படியேதான் இருந்துச்சு.

கலா:

முபாரக், பதில் உன் கடைசி வரியிலயே இருக்கு. டி2டிக்குப் போனா டெலிவரி மட்டும்தான், இன்ட்ராடே ஆட்கள் மொத்தமா வெளிய போயிடுவாங்க, வால்யூம் அதுலயே விழுந்துடும். கூடவே ஒரு நாளைக்கு 5 சதவீதத்துக்கு மேல விலை நகரவே முடியாது. அதனால கேண்டில் குட்டியா இருந்தது விக்க ஆள் தீர்ந்ததால இல்ல, விதி போட்ட வேலியால. வேலிக்குள்ள இருக்கிற அமைதியை வச்சு எதையும் சொல்ல முடியாது. சார்ட்டை எடுக்கும்போதே அந்த ஷேரோட விலை வரம்பு என்ன, பேஸ் நடுவுல அதை மாத்தினாங்களான்னு எக்ஸ்சேஞ்ச் தளத்துல பார்த்துடு.

இதே மாதிரி இன்னொண்ணு, இது அமெரிக்காவுலயும் நடக்கும். ஒரு கம்பெனியை இன்னொருத்தர் இன்ன விலைக்கு வாங்குறதா அறிவிச்சுட்டா ஷேர் அந்த விலைக்குக் கொஞ்சம் கீழ ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். சார்ட்டுல அதைவிட இறுக்கம் எங்கயும் பார்க்க முடியாது, ஆனா மேல போக எடமே இல்ல. இறுக்கம் எதனால வந்துச்சுன்னு கேக்காம வாங்கவே கூடாது.

ஸ்டாப் லாஸ் பேச்சு வந்ததால இதையும் சொல்லிடுறேன், கடைசி இறுக்கத்துக்காக ஏன் காத்திருக்கோம்னா கணக்கு அங்கதான் இருக்கு. ஒரு லட்சம் வச்சிருக்கிற ஆள் ஒரு ட்ரேடுல 1000 ரூபாய்க்கு மேல இழக்க மாட்டேன்னு முடிவு பண்றார்னு வை. கடைசி தாழ்வுக்குக் கீழ ஸ்டாப் வச்சா 4 சதவீத தூரம்னா 25,000 ரூபாய்க்கு வாங்கலாம். இதே ஆள் ரெண்டாவது சுருக்கத்துலயே அவசரப்பட்டு 17 சதவீத தூரத்துல ஸ்டாப் வச்சா 5,900க்குக் கொஞ்சம் கீழதான் வாங்க முடியும். ஷேர் ரெண்டு மடங்கு ஆனாலும் அவர் கையில ஒண்ணும் பெருசா நிக்காது. ஆனா உன் கேஸ் மாதிரி சர்க்யூட்ல மாட்டினா அந்த 4ங்கிறது காகிதத்துல மட்டும்தான், அதையும் மறக்க வேண்டாம்.

இராமநாதன்:

கலா அம்மாவின் விளக்கத்தை ஏற்கிறேன். நடுவில் ஓய்வது ஒன்று, மேல்வரம்பை ஒட்டி அடங்குவது வேறொன்று. தடையுறு அலைவு பொருந்தாது, திரும்பப் பெறுகிறேன்.

"இறக்கம்" வேண்டுமென்றால் வினைத்தொகையாக ஆக்கலாம். சுடுசோறு, ஊறுகாய் போல "சுருங்கிறக்கம்". சுருங்கிய இறக்கம், சுருங்குகிற இறக்கம், சுருங்கும் இறக்கம், மூன்று காலமும் அதற்குள் அடங்கும். முழுப் பெயர் "சுருங்கிறக்க வடிவம்". "ஒடுங்கிறக்கம்" என்றும் யோசித்தேன், ஆனால் ஒடுக்கம் என்றதும் அடக்குமுறை நினைவுக்கு வருகிறது.

கார்த்தி:

பொலிஞ்சரை தனியா வைக்கிறதுக்கு நான் ஓகே. ஆனா சுருங்கிறக்கம்னு ஒரு புது ஆள் படிச்சா ஷேர் இறங்கப் போகுதுன்னுதான் நினைப்பான். ஏறப்போற ஒரு அமைப்புக்கு பேர்லயே இறக்கமா? "இறுகுதளம்" எப்படி? பேஸும் வந்துடுச்சு, இறுக்கமும் வந்துடுச்சு.

இன்னொண்ணு, 31, 17, 8ன்னு எண்ணுறோமே, அதை நாளோட உச்சம், தாழ்வு வச்சு எடுக்கணுமா, முடிவு விலை வச்சா? ஒரே சார்ட்டுல நான் நாலு சுருக்கம் எண்ணுறேன், என் ஃப்ரெண்டு மூணுதான்னு சொல்றான்.

கலா:

நான் உச்சம், தாழ்வுதான் எடுப்பேன், முடிவு விலை வச்சு வரையிறவங்களும் இருக்காங்க. கண்ணால எண்ணுறதுல ஆளுக்கு ஆள் மாறத்தான் செய்யும், ரெண்டுலேர்ந்து ஆறு வரைக்கும் இருக்கலாம்னு மினர்வினியே விட்டிருக்கார். மூணா நாலாங்கிறதைவிட கடைசியா வந்தது முந்தியதைவிடத் தெளிவா சின்னதா, வால்யூம் வத்திச்சாங்கிறதுதான் எனக்கு முக்கியம்.

இறுகுதளம் காதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா வாரக்கணக்கா ஒரே இறுக்கமா கிடக்கிற தட்டையான பேஸுக்கும் அந்தப் பேர் பொருந்துமே தம்பி? அங்க படிப்படியா குறையிறது கிடையாது. படிப்படிங்கிறது போயிட்டா மிச்சம் ஒண்ணும் இல்ல.

சரவணன்:

வரைவை இப்படிப் போட்டு வைக்கிறேன், திருத்தம் இருந்தா சொல்லுங்க.

சுருங்கிறக்க வடிவம்: ஏறுமுகத்துல இருக்கிற பங்கு இளைப்பாறும் தளத்துக்குள், அடுத்தடுத்த இறக்கங்கள் படிப்படியாகக் குறைந்து, வால்யூமும் வற்றி, மேல்வரம்பை ஒட்டி விலை இறுகும் அமைப்பு.

கார்த்தியோட இறுகுதளத்தை மாற்றுச் சொல்லா அடைப்புல வைக்காம, தட்டையான பேஸுக்குத் தனிப் பதிவா போடலாமான்னு கேக்குறேன். பிவட்டுக்கு இன்னும் சொல் இல்ல. திருப்புமுனைன்னு எழுதுறாங்க, அங்க விலை திரும்புறது இல்லையே, கடைசி சுருக்கத்தோட மேல்கோட்டைத் தாண்டுது. "தாண்டு விலை"ன்னு தற்காலிகமா எழுதிருக்கேன், முபாரக் அண்ணே, நீங்க இதை புரோக்கர் கிட்ட போன்ல சொன்னா அவருக்குப் புரியுமா?

முபாரக்:

தாண்டு விலை புரியும். சுருங்கிறக்கம்னு சொன்னா "என்ன சார்"னு ரெண்டு தடவை கேப்பார். ஆனா எனக்கு இப்ப வேற ஒரு ஷேர்ல 24, 13ன்னு ரெண்டு இறக்கம் முடிஞ்சிருக்கு, விலை வரம்பு 20 சதவீதம், நடுவுல மாத்தவும் இல்ல, தளத்துல பார்த்துட்டேன். மூணாவது இறக்கம் எங்க நிக்குதுன்னு பார்த்துட்டு சார்ட்டோட வர்றேன் அக்கா.