ஸ்கூட்டர் பேட்டரிக்குத் தீ தாங்கும் பை வாங்கலாமா? அவசரம்

மாடிவீடு: பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுவந்துதான் சார்ஜ் போடுகிறேன். இரண்டு வாரமாக ரொம்பவே சூடாகிறது, அம்மா பயப்படுகிறார்கள். தீ தாங்கும் பைக்குள் வைத்து இரவில் சார்ஜ் போட்டால் நிம்மதியாகத் தூங்கலாமா?

செல்வி: எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்-அவர்? வீட்டில் எந்த இடம்? சார்ஜர் வண்டியோடு வந்ததா?

டிரோன்பிரியன்: தாராளமாக வாங்குங்கள். என் டிரோன் பேட்டரி ஒன்று உப்பிப் பற்றிக்கொண்டது, பைக்குள் இருந்ததால் மேசையில் கருகல்கூட இல்லை.

பழையமின்சாரம்: இதைப் பத்துத் தடவை எழுதியாயிற்று, தேடிப் படிக்க மாட்டீர்களா? லித்தியம் இரும்பு பாஸ்பேட், அதாவது எல்.எஃப்.பி பேட்டரி என்றால் எரியவே எரியாது. பையும் வேண்டாம், பயமும் வேண்டாம்.

மாடிவீடு: 60 வோல்ட், 30. வாசல் கதவை ஒட்டிச் செருப்பு அலமாரிக்குக் கீழே வைக்கிறேன்.

பேக்ராமு: பேட்டரி பேக் பழுது பார்ப்பதுதான் என் தொழில். டிரோன் பேட்டரி 20, 25 வாட்-அவர் இருக்கும், உங்களுடையது 1800. இத்தனை செல்களும் ஒன்றையொன்று சூடாக்கிப் பொங்கினால் வாயு வரும் வேகத்தில் பையின் ஒட்டுப்பட்டை பிய்ந்துகொள்ளும், நச்சுப் புகையை அந்தத் துணி நிறுத்தாது. சின்ன பேட்டரிக்குப் பொறியையும் தீயையும் கொஞ்ச நேரம் அடக்கும், அது உண்மை. ஆனால் இவ்வளவு பெரியதைப் பைக்குள் மூடி சார்ஜ் போட்டால் சூடு உள்ளேயே தங்கி நிலைமை மோசமாகும். எல்.எஃப்.பி அவ்வளவு எளிதில் பற்றாது, சரிதான், ஆனால் கெட்டுப்போனால் அதிலும் எரியக்கூடிய வாயு வரும். முதலில் அந்த வாசலை விட்டு எடுங்கள், தீப்பிடித்தால் நீங்கள் ஓட வேண்டிய வழி அதுதான். கீழே கார் நிறுத்துமிடத்தில் காற்றோட்டமாக, வெயில் படாத சிமென்ட் தரையில், பெட்ரோல் வண்டிகளையும் மாடிப்படியையும் விட்டுத் தள்ளி வையுங்கள்.

செல்வி: எங்கள் குடியிருப்பில் கீழே பிளக் கிடையாது. பால்கனி ஆகுமா?

பேக்ராமு: வீட்டுக்குள் வைப்பதற்குப் பரவாயில்லை, கதவைச் சாத்தலாம். மேல்வீட்டுக்குத் தீ ஏறுமே என்று எனக்கும் தயக்கம்தான்.

பழையமின்சாரம்: பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்தால் முடிந்தது.

பேக்ராமு: மணல் மேலே மூடும், செல்லைக் குளிரவைக்காது. குளிரவைப்பது தண்ணீர்தான், அதற்கும் வாளிக்கணக்கு போதாது, வெளியே வந்து 101-ஐ அழையுங்கள்.

பழையமின்சாரம்: மின்சாரத் தீக்குத் தண்ணீரா! முதல் பாடமே தெரியவில்லை.

டிரோன்பிரியன்: கிளப்பில் நாங்களும் மணல்தான் வைத்திருக்கிறோம்.

செல்வி: சண்டையை விடுங்கள். மாடிவீடு, சார்ஜரைப் பற்றி நீங்கள் இன்னும் சொல்லவில்லையே?

மாடிவீடு: பழையது போய்விட்டது, கடையில் 60 வோல்ட் கேட்டு வாங்கினேன், இரண்டு வாரம் ஆகிறது. இப்போது பார்த்தால் பேட்டரி லேபிளில் சார்ஜிங் 67.2 வோல்ட், சார்ஜரில் 73.

பேக்ராமு: உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். 67.2 என்றால் 16 வரிசை செல்கள், ஒன்றுக்கு 4.2 வோல்ட்தான் எல்லை. 73 வோல்ட் சார்ஜர் 20 வரிசை எல்.எஃப்.பி-க்கானது, இரண்டையுமே கடையில் '60 வோல்ட்' என்றுதான் சொல்வார்கள். பேட்டரிக்குள் இருக்கும் காப்புச் சுற்று, அதாவது பி.எம்.எஸ், மின்சாரத்தை வெட்டிவிட்டதால்தான் தப்பித்தீர்கள். சார்ஜரை மாற்றினால் மட்டும் போதாது, ஒவ்வொரு வரிசையின் வோல்டேஜும் சமமாக இருக்கிறதா என்று திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை பேட்டரி கீழே திறந்த இடத்திலேயே இருக்கட்டும்.

மாடிவீடு: கழற்றிவிட்டேன். நாளை கொண்டுபோகிறேன், நன்றி.

செல்வி: பேட்டரியைக் கீழே இறக்கினீர்களா?