பள்ளிப் படிவத்தில் பாட்டிக்கு எந்த வரி?

மீனா: எல்லாருக்கும் ஷாங்காயிலிருந்து வணக்கம். பாப்பாவின் பள்ளியில் ஒரு படிவம். மாலையில் குழந்தையை அழைத்துப்போக வருபவர்கள் யேயே, நைநை, வைகோங், வைபோ என்று நான்கு வரி. அடுத்த மாதம் அம்மா வருகிறாள் என்று நைநை வரியில் அவள் பெயரை எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை போன் செய்து, "உங்கள் கணவரின் அம்மாவா?" என்று கேட்கிறார். பாட்டி என்றால் நைநைதானே?

ராஜி சித்தி: அக்கா தனியாகப் போய் அழைத்து வருவாளா? அவளுக்கு வழி தெரியாதே!

மீனா: வழி இல்லை சித்தி, சொல்தான் பிரச்சினை.

கதிர் மாமா: யேயே அப்பாவின் அப்பா, நைநை அப்பாவின் அம்மா. வைகோங், வைபோ அம்மாவைப் பெற்றவர்கள். உன் அம்மா பாப்பாவுக்கு வைபோ. பூங்காவில் முன்பின் தெரியாத வயதான அம்மாவையும் குழந்தைகள் நைநை என்று கூப்பிடுவார்கள், அதைக் கேட்டுத்தான் குழம்பியிருப்பாய். படிவத்தில் அது செல்லாது.

பெரியப்பா: "வை" என்றால் வெளி. வெளிநாட்டுக்காரனுக்கும் அதே எழுத்துதான். பெண் கொடுத்த வீட்டை அந்நியர் என்று தள்ளிவைத்திருக்கிறார்கள்.

கதிர் மாமா: எழுத்து அதேதான் அண்ணா. ஆனால் இங்கே வெளி என்பது அப்பாவின் குடும்பப்பெயருக்கு வெளியே என்று பொருள். குலப் பதிவேடும் முன்னோர் வழிபாடும் அந்தப் பெயரை வைத்துத்தான் ஓடின. அந்தக் காலத்தில் துக்கம் காத்ததைப் பாருங்கள்: அப்பாவைப் பெற்றவர்களுக்கு 1 வருடம், அம்மாவைப் பெற்றவர்களுக்கு 5 மாதம். மிங், சிங் அரசர்கள் காலச் சட்டநூல்களில் இதற்கு அட்டவணையே உண்டு. உறவினரை அடித்தால் என்ன தண்டனை என்பதையும் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். எந்தத் தாத்தா என்று சொல்லிலேயே தெரிய வேண்டியிருந்தது.

ராஜி சித்தி: நம்மிடமும் அப்பத்தா, அம்மாச்சி என்று இருக்கிறதே. என் பேரன் என்னை அம்மாச்சி என்றுதான் கூப்பிடுகிறான்.

கதிர் மாமா: அம்மாச்சியில் அம்மா இருக்கிறாள், வைபோவில் வெளி இருக்கிறது. பேரனுக்கும் அப்படித்தான். மகன் வயிற்றுப் பேரன் சுன்சி, மகள் வயிற்றுப் பேரன் வைசுன்.

ராஜி சித்தி: என் பேரன் வெளிப் பேரனா? கேட்கவே கஷ்டமாக இருக்கிறது.

பெரியப்பா: மற்றபடி முறையெல்லாம் நம்மைப் போலத்தான். அப்பாவின் அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல். பெரியப்பா, சித்தப்பா மாதிரியே.

கதிர் மாமா: அதுவரை சரி. ஒருபடி கீழே இறங்கினால் நமக்குக் கால் இடறும். "கெ" என்றால் அண்ணன். பெரியப்பா மகன் தாங்கெ. தாங் என்பது வீட்டுக் கூடம், அதாவது ஒரே கூடத்துப் பிள்ளை. அத்தை மகனும் மாமா மகனும் பியாவ்கெ. பியாவ் என்றாலும் வெளிப்புறம்தான். இப்போது சொல் மீனா, பெரியம்மா மகன்?

மீனா: நமக்கு அவனும் அண்ணன். அப்படியானால் தாங்கெ?

கதிர் மாமா: இல்லை, பியாவ்கெ! அவன் குடும்பப்பெயர் வேறு. நாம் முறைப்பிள்ளையா, அண்ணன் தம்பியா என்று பிரிக்கிறோம். அவர்கள் பெயர்க் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று பிரிக்கிறார்கள். அந்தக் காலத்தில் பெரியம்மா மகனைக் கட்டிக்கொள்வதும் அங்கே நடந்தது. 1980 திருமணச் சட்டம்தான் நெருங்கிய உறவில் கல்யாணமே கூடாது என்று நிறுத்தியது.

ராஜி சித்தி: சிவ சிவா! கூடப் பிறந்த மாதிரி ஆயிற்றே!

கதிர் மாமா: அதனால் சீனத்திலிருந்து தமிழாக்கும்போது பியாவ்கெ என்று வந்தால் அத்தை மகன் என்று எழுதிவிடக் கூடாது. மூன்றில் யார் என்று முன்பின் படித்துத்தான் தெரியும். தாங்கெ என்றால் தயங்க வேண்டாம், அப்பாவின் உடன்பிறந்தான் மகன்.

மீனா: மாமா, பக்கத்து வீட்டில் பெய்ஜிங் குடும்பம். அங்கே குழந்தை லாவ்லாவ் என்று கூப்பிடுகிறாள். அது யார்?

கதிர் மாமா: அதுவும் அம்மாவின் அம்மாதான், வடக்கத்திச் சொல். தெற்கே வைபோ. உன் ஊரிலேயே 2018இல் பெரிய சண்டை. இரண்டாம் வகுப்புப் பாடத்தில் வைபோவை எடுத்துவிட்டு லாவ்லாவ் என்று மாற்றினார்கள். வைபோ வட்டாரச் சொல், லாவ்லாவ்தான் பொதுமொழி என்று காரணம் சொன்னார்கள். பாட்டியைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஊரே கொதித்தது. பிறகு வைபோவையே திரும்பப் போட்டார்கள்.

பெரியப்பா: பார்த்தாயா, அந்த "வெளி" யாருக்கும் உறுத்தவில்லை!

கதிர் மாமா: ஷாங்காய்க்காரருக்கு அது பாட்டியின் பெயர், வெளி என்று காதில் விழுவதில்லை. ஆனால் உறுத்துகிற வீடுகளும் உண்டு அண்ணா. ஒரே பெண் பெற்றவர்கள் பேரனிடம், எங்களையும் யேயே நைநை என்றே கூப்பிடு என்கிறார்கள். ஜியாங்சு, ஜெஜியாங் பக்கம் ஒரு பிள்ளைக்கு அப்பா பெயர், இன்னொரு பிள்ளைக்கு அம்மா பெயர் என்று வைக்கும் குடும்பங்களில் இது சகஜம். அங்கே நைநை என்று கேட்டதும் அப்பாவின் அம்மா என்று முடிவுகட்ட முடியாது.

பெரியப்பா: அப்போது அந்தச் சொல் மாறத்தான் போகிறது.

கதிர் மாமா: எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மீனா: சரி, வைபோ வரியில் மாற்றி எழுதிவிட்டேன். அம்மாவுடன் ஆச்சியும் வருகிறாள். என் அம்மாவின் அம்மாவை பாப்பா என்ன சொல்ல வேண்டும்?

கதிர் மாமா: "தாய்" என்று ஓர் ஒட்டு சேர்ப்பார்கள், ஒரு தலைமுறை மேலே என்று. நம் தாய் இல்லை, சீனச் சொல். அதை வைபோவுக்கு முன்னால் போடுவதா, நடுவில் போடுவதா என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஆசிரியையிடமே கேள். அவர் வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கும் சொல்.