காலையில் முதல் ஷாட் புளிக்கிறது: மெஷினா, கிரைண்டரா?

பொங்கோல் நிலா
என்னிடம் இருப்பது இரண்டு பாய்லர் உள்ள எஸ்பிரெஸ்ஸோ மெஷின், தூள் கைப்பிடியை மாட்டும் தலை ஈ61 குரூப். காலை 6.30க்கு ஆன் செய்தால் பன்னிரண்டு நிமிடத்தில் திரையில் 93 டிகிரி வந்துவிடுகிறது. உடனே ஷாட் எடுக்கிறேன். 18 கிராம் தூள், கப்பில் 36 கிராம். முதல் கப் நாக்கைச் சுருட்டுகிற புளிப்பு, இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவதுதான் குடிக்கிற மாதிரி இருக்கிறது. எவ்வளவு நேரம் சூடாக விட வேண்டும்? இல்லை, கோளாறு வேறு எங்காவதா?

ஈசூன் ராஜா
93 என்றால் 93தான். அதற்குத்தானே காசு கொடுத்து, சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் பிஐடி வைத்த மெஷின் வாங்குகிறோம். முக்கால் மணி நேரம் சூடாக்குவதெல்லாம் பழைய பிரஷர் சுவிட்ச் மெஷின்கள் காலத்துப் பழக்கம். புளித்தால் தூள் கொரகொரப்பாக இருக்கிறது என்று அர்த்தம். கிரைண்டரை இரண்டு கோடு நைசாக்குங்கள். தினமும் சும்மா கரண்டை எரிக்க வேண்டாம் லா.

கேஸ்கட்
ராஜா, அந்த 93ஐ எங்கே அளக்கிறது என்று பாருங்கள். சென்சார் பாய்லர் மேல் இருக்கிறது, தூள் இருப்பது குரூப்பின் அடியில். நடுவில் நாலு கிலோ பித்தளை. நிலா ஆன் செய்து பன்னிரண்டாவது நிமிடத்தில் குரூப்பின் மூக்கைத் தொட்டால் சில நொடி கையை வைத்திருக்கலாம். சரியாகச் சூடேறிய ஈ61ஐ ஒரு நொடிக்கு மேல் தொட முடியாது. (தொட்டுப் பார்க்கச் சொல்லவில்லை, என் விரல்கள் பழகியவை.)

"ஹீட்டர் 1400 வாட், பிறகென்ன?" என்று கேட்பீர்கள். நம்ம ஊர் சமையலறையின் 28 டிகிரியிலிருந்து 90ஐ ஒட்டிப் போக அந்த நாலு கிலோவுக்கு ஏறத்தாழ 95 கிலோஜூல் வேண்டும். ஹீட்டர் நேராகக் குரூப்பைச் சூடாக்கினால் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே ஆகும், அவ்வளவுதான். ஆனால் நேராகச் சூடாக்குவதில்லை. பாய்லரிலிருந்து மேல் குழாய் வழியாக வெந்நீர் குரூப்புக்கு ஏறுகிறது, அங்கே சூட்டை விட்டுவிட்டு ஆறி, கனத்து, கீழ்க்குழாய் வழியாகத் திரும்புகிறது. பம்ப் கிடையாது. வெந்நீர் லேசு, ஆறிய நீர் கனம், அந்த வித்தியாசம் மட்டும்தான் தள்ளுகிறது. அதனால்தான் பாய்லருக்குப் பத்து பன்னிரண்டு நிமிடம், குரூப்புக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து. ஹீட்டரைப் பெரிதாக்கினாலும் இந்தக் கணக்கு அதிகம் மாறாது.

குளிர்ந்த குரூப் வழியாக வரும் 93 டிகிரி நீர் தூளைத் தொடும்போது எண்பதுகளில் இருக்கும், சில நேரம் அதற்கும் கீழே. புளிப்புச் சத்துகள் அந்தச் சூட்டிலேயே சுலபமாகக் கரைந்து வந்துவிடும். அதைச் சமன்செய்யும் இனிப்பும் கசப்பும் பின்னால் வருபவை, அவற்றுக்குச் சூடு வேண்டும். நிலா குடிப்பது பாதியில் நின்றுபோன காப்பி.

தேக்கா மாமா
எதற்கு இவ்வளவு கணக்கு? கோப்பிக் கடைக் காப்பி எப்போதாவது புளித்திருக்கிறதா? கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் போட்டுக் கறுக்க வறுக்கிறான், துணி வடிகட்டியில் ஊற்றுகிறான். காலை ஆறு மணிக்கும் ஒரே ருசி. நீங்கள் எல்லாம் பச்சையாக வறுத்த கொட்டையை வாங்கி வைத்துக்கொண்டு மெஷினைத் திட்டுகிறீர்கள். நிலா, கொஞ்சம் கறுத்த கொட்டையாக வாங்கும்மா.

பொங்கோல் நிலா
மாமா, மூன்றாவது கப்பும் அதே கொட்டைதான், அது புளிக்கவில்லையே.

கேஸ்கட்
மாமா சொன்னதில் ஒன்று உண்டு. இளவறுவல் கொட்டை சூடு குறைந்தால் உடனே காட்டிக்கொடுக்கும். கறுத்த வறுவல் 88 டிகிரியிலும் சமாளித்துக்கொள்ளும். ஆனால் நிலா கேட்டது முதல் கப்புக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசத்தை.

சுமதி, அங் மோ கியோ
என்னுடையது சின்ன மெஷின், பாய்லரே இல்லை, சூடாக்கும் கட்டி மட்டும். ஆன் செய்த சில நொடியில் ரெடி விளக்கு எரியும். முதல் கப் எனக்கும் புளிக்கும். இதில் நாலு கிலோ பித்தளை எங்கே இருக்கிறது?

கேஸ்கட்
அக்கா, உங்களுக்குக் குரூப் இல்லை, தூள் போடும் கைப்பிடி இருக்கிறதே, அந்தப் போர்ட்டாஃபில்டர்தான் பிரச்சினை. கையில் அரைக் கிலோ உலோகம், இரவு முழுக்க ஏர்கானில் கிடந்தது. மெஷின் ரெடி, அது ரெடி இல்லை. தூள் போடாமல் காலி பாஸ்கெட்டை மாட்டி இரண்டு தடவை வெந்நீர் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுத் தூள் போடுங்கள். கப்பையும் அந்த நீரிலேயே சூடாக்கலாம். உங்கள் மெஷினை அரை மணி நேரம் ஆனில் வைத்திருந்தாலும் பெரிய பலன் வராது. பலவற்றில் தானாகவே அணைந்தும் விடும்.

ஈசூன் ராஜா
பார்த்தீர்களா, வெந்நீர் விட்டால் போதும்! நிலாவும் அதையே செய்யட்டும். நாலு தடவை வெந்நீர் விடு, ஷாட் எடு.

கேஸ்கட்
60 மில்லி வெந்நீர் 93லிருந்து 70க்கு ஆறும்போது விடுவது ஆறு கிலோஜூல்கூட இல்லை. வேண்டியது 95. பதினாறு தடவை, ஒரு லிட்டர் தண்ணீர். அதற்குள் பாய்லரில் பச்சைத்தண்ணீர் ஏறி அதுவும் ஆறிவிடும். இருபது நிமிடம் சூடான பிறகு இரண்டு மூன்று தடவை விட்டால் மிச்ச நேரம் கொஞ்சம் குறையும், அது உண்மை. முழுவதற்கும் அதை நம்ப முடியாது.

லீவர்_செல்வம்
எனக்கு ஒரு சந்தேகம். என்னுடையதும் ஈ61தான், ஆனால் ஹீட் எக்ஸ்சேஞ்சர், ஒரே பாய்லர். ஒரு மணி நேரம் ஆனில் வைத்தால் முதல் ஷாட் கருகல் கசப்பு. புளிப்பே கிடையாது. நீங்கள் சொல்வது போல நேரம் ஆக ஆக நல்லது என்றால் இது எப்படி?

கேஸ்கட்
உங்களுக்குக் கதை தலைகீழ். உங்கள் பாய்லர் நீராவிக்காக 120ஐ ஒட்டி இருக்கிறது, அதன் நடுவே போகும் குழாயில் காப்பிக்கான நீர் சும்மா நின்று கொதிநிலையைத் தாண்டிவிடுகிறது. ஷாட்டுக்கு முன் லீவரைத் தூக்கினால் சீறிக்கொண்டு தெறிக்கும். சீற்றம் அடங்கி அமைதியாக விழும் வரை வெளியேற்றிவிட்டு எடுங்கள். இதை நிலா செய்தால் நல்ல சூட்டை வீணாக்குவார். ஒருவர் மெஷினுக்குச் சொன்ன நேரத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்வதில் இதுதான் ஆபத்து.

கிரைண்டர் கிறுக்கன்
எல்லாரும் மெஷினையே பார்க்கிறீர்கள். நிலா, ஒரு கேள்விதான்: முதல் ஷாட் எத்தனை நொடியில் முடிகிறது, மூன்றாவது எத்தனை நொடியில்?

பொங்கோல் நிலா
முதல் ஷாட் 21 நொடி, மூன்றாவது 28. அரைப்பளவைத் தொடவில்லை.

கிரைண்டர் கிறுக்கன்
அப்படியானால் குரூப் சூடு மட்டும் காரணம் இல்லை. கிரைண்டரின் வாயிலும் கொட்டையை அரைக்கும் பர்களுக்கு நடுவிலும் நேற்று அரைத்த தூள் இரண்டு மூன்று கிராம் தங்கியிருக்கும். இரவு முழுக்கக் காற்றுப்பட்டு வாயு போன தூள், அதிலும் நம்ம ஊர் ஈரப்பதத்தில். முதல் 18 கிராமில் அதுதான் முதலில் விழுகிறது, நீரைத் தடுக்காது, ஷாட் வேகமாக ஓடிவிடும். அப்படி ஓடினாலும் புளிக்கும். மூன்றாவது கப்புக்குள் இரண்டுமே சரியாகிவிடுகிறது: குரூப்பும் சூடு, கிரைண்டரும் காலி. எது காரணம் என்று எப்படிச் சொல்வீர்கள்? ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

கேஸ்கட்
நல்ல யோசனை. ஒரு காலை டைமர் வைத்து முக்கால் மணி நேரம் சூடாக்குங்கள், போர்ட்டாஃபில்டர் மாட்டியே இருக்கட்டும், கிரைண்டரை அப்படியே விடுங்கள். அடுத்த காலை பன்னிரண்டு நிமிடம் மட்டும், ஆனால் ஐந்து கிராம் அரைத்துக் கொட்டிவிட்டுத் தொடங்குங்கள். வெப்பம் அளக்கும் துப்பாக்கி இருந்தால் குரூப்பையும் அளக்கலாம். பளபளக்கும் குரோமில் நேராகக் காட்டினால் குறைத்துக் காட்டும், கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் அளக்க வேண்டும்.

பொங்கோல் நிலா
செய்துவிட்டேன். டேப் மேல் அளந்தால் பன்னிரண்டு நிமிடத்தில் 54, நாற்பத்தைந்து நிமிடத்தில் 87.

நன்றாகச் சூடான மெஷின், பழைய தூள்: 22 நொடி. தண்ணியாக, லேசான புளிப்பு, குடிக்கலாம்.
குளிர்ந்த மெஷின், புதுத் தூள்: 28 நொடி. கட்டியாக விழுந்தது, ஆனால் நல்ல புளிப்பு. பழையபடி நாக்கைச் சுருட்டியது.
இரண்டும் சேர்ந்து சரி செய்தபோது முதல் கப்பே மூன்றாவது கப் மாதிரி.

கேஸ்கட்
28 நொடி ஓடியும் புளித்தது பாருங்கள். நொடி சரியாக இருந்து புளித்தால் சூடு, நொடி குறைந்து புளித்தால் தூள்.

ஈசூன் ராஜா
நொடி குறைந்தால் தூள் என்று நீங்களே சொல்கிறீர்கள். நான் முதலிலேயே தூள் என்றேன்.

கிரைண்டர் கிறுக்கன்
நீங்கள் நைசாக்கச் சொன்னீர்கள் ராஜா. நைசாக்கியிருந்தால் மூன்றாவது ஷாட் அடைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விழுந்திருக்கும். அளவு சரி, தூள்தான் பழசு. பர் குளிர்ந்திருப்பதும் கொஞ்சம் சேரும் என்பது என் எண்ணம்.

கேஸ்கட்
பர் விஷயத்தை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வீட்டில் மூன்று ஷாட் அரைப்பதில் பர் என்ன சூடாகிவிடப் போகிறது? கடையில் மதியம் வரை ஓடும் கிரைண்டர் வேறு.

கிரைண்டர் கிறுக்கன்
அதைத் தனி இழையில் சண்டை போடலாம், அண்ணே.

ஈசூன் ராஜா
தினமும் ஐந்து கிராம் குப்பைக்கு, முக்கால் மணி நேரக் கரண்ட் வேறு. கணக்குப் போட்டீர்களா?

கேஸ்கட்
கரண்ட் பத்து காசு சுமார். ஐந்து கிராம் கொட்டை அதைவிட அதிகம், அதில் ராஜா பக்கம் நியாயம் இருக்கிறது. ஹாப்பரை நிரப்பாமல் ஒவ்வொரு தடவையும் எடைபோட்டு அரைத்து, முடிந்ததும் வாயைத் தூரிகையால் தட்டிவிட்டால் ஒரு கிராமோடு போகும்.

நிலா, இன்னொன்று. ஒரு மணி நேரம் ஆகியும் குரூப் என்றைக்காவது 60ஐத் தாண்டாமல் நின்றால் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். குழாயில் காற்று அடைத்துச் சுழற்சி நின்றிருக்கும். மேல் குழாய் சூடு, கீழ்க்குழாய் குளிர்ச்சி, அதுதான் அடையாளம். லீவரைத் தூக்கிக் கொஞ்ச நேரம் நீர் விட்டால் பெரும்பாலும் காற்று வெளியேறிவிடும்.

பொங்கோல் நிலா
நன்றி அண்ணே. டைமர் பிளக் 5.45க்கு வைத்தாயிற்று. மெஷின் சுவிட்ச் ஆனிலேயே இருக்கும், பிளக்தான் கரண்ட் விடும்.

சுமதி, அங் மோ கியோ
அந்த பிளக் என் மெஷினுக்கும் சரிவருமா?

கேஸ்கட்
தொட்டால் ஆன் ஆகும் பட்டன் என்றால் வராது அக்கா. கரண்ட் வந்தாலும் யாராவது பட்டனைத் தொடும் வரை தூங்கும். தட்டினால் அப்படியே நிற்கும் பழைய பாணி சுவிட்சுக்குத்தான் அது. அதுவும் 13 ஆம்ப் தாங்கும் பிளக்காக, பாதுகாப்பு முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியை இரவே நிரப்பி வையுங்கள் நிலா.