விற்பனை கூடுது, கல்லாவில் காசு தங்கலை – மளிகைக் கடை கணக்கில் உதவி வேணும்

மளிகை_திண்டுக்கல்
சின்ன மளிகைக் கடை. பில் மிஷின் இருக்கு, பாக்கிக்குத் தனி நோட்டு. போன மாதம் மிஷின்படி விற்பனை 3,00,000. அதில் 60,000 கடன். பழைய பாக்கி வசூல் 45,000. சரக்குக்குக் கொடுத்தது 2,64,000. வாடகை, கரண்ட், சாயங்காலம் வர்ற பையன் சம்பளம் எல்லாம் 14,000. மாத ஆரம்பத்தில் கல்லா, பேங்க் சேர்த்து 12,000 இருந்தது, முடிவில் 3,000. நூறு ரூபாய் விற்பனைக்கு 12 நிற்கும். ஏஜென்சிக்காரர் வந்தால் கொடுக்கக் காசில்லை. எங்கே போகுது?

ரெடிகாசு
கடனை நிறுத்துங்க. நாளைக்கே சரியாகும்.

தராசுமுள்
மாதம் 3 லட்சம்னா வருஷம் 36 லட்சம். 40 லட்சம் தாண்டினா ஜிஎஸ்டி பதிவு எடுக்கணும், வரி இல்லாத சரக்கும் அந்தக் கூட்டலில் வரும். அதைப் பாருங்க முதல்ல.

மளிகை_திண்டுக்கல்
அண்ணே, நான் கேட்டது வரி இல்லை. காசு.

பேரேடு
நீங்க கொடுத்த எண்களை வச்சே பார்ப்போம். கடன் போக கையில் வந்த விற்பனை 2,40,000, பாக்கி வசூல் 45,000. வரவு 2,85,000. செலவு 2,78,000. அப்போ 7,000 கூடி, முடிவில் 19,000 இருந்திருக்கணும். இருக்கிறது 3,000. எழுதாமல் போனது 16,000. பெரும்பாலும் வீட்டுக்கு எடுத்ததுதான் இப்படி ஒளிஞ்சுக்கும்: கேஸ், ஸ்கூல் பீஸ், பைக்குக்குப் பெட்ரோல்.

ரெடிகாசு சொன்னதில் பாதி சரி. கொடுத்த கடன் 60,000, வந்தது 45,000. லாபத்தில் 15,000 பாக்கி நோட்டில் உட்கார்ந்திருக்கு. ஆனால் ஒரேயடியா நிறுத்தினால், பாக்கி வச்சவங்க பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க, பழைய பணமும் வராது.

மளிகை_திண்டுக்கல்
16,000 வாய்ப்பே இல்லை அண்ணே. வீட்டுக்கு எடுத்தது 7,000 இருக்கும், அதுக்கு மேல கிடையாது.

பேரேடு
அப்படின்னா ஒரு கேள்வி. பழைய பாக்கி கொண்டு வந்து கொடுத்தால் பையன் என்ன செய்யறான்? நோட்டில் மட்டும் கழிக்கிறானா, மிஷினிலும் தட்டுறானா?

வளையல்கடை
எங்க கடையில் ஜிபேயில் வர்றது எது விற்பனை, எது பாக்கின்னே தெரியலை. அதுக்கு என்ன வழி?

பேரேடு
வளையல்கடை, பாக்கி வந்த அன்னைக்கே, பெயர், தொகை, "ஜிபே"ன்னு நோட்டில் ஒரு வரி. ராத்திரி பேங்க் வரவில் அதைக் கழிச்சால் மிச்சம் விற்பனை. வீட்டுக் கணக்கில் அந்தப் பணம் விழுந்தால் இது நிற்காது. க்யூஆரைத் தனிக் கணக்குக்கு மாத்திடுங்க.

மளிகை_திண்டுக்கல்
பில் ரோலைப் பார்த்தேன். "பழைய பாக்கி"ன்னு நாலு பில், மொத்தம் 9,000. நோட்டிலும் கழிச்சிருக்கான்.

பேரேடு
அதுதான். கடன் கொடுத்த அன்னைக்கே அது விற்பனை ஆயிடுச்சு. காசு வரும்போது திரும்பத் தட்டினால் ஒரே ரூபாய் ரெண்டு தடவை ஏறுது. நிஜ விற்பனை 2,91,000. வராத 9,000 வந்த மாதிரி நின்னதால்தான் 16,000 குறைஞ்சது. கழிச்சால் 7,000, நீங்க சொன்ன வீட்டுச் செலவு. பையனிடம் சொல்லுங்க: பாக்கி வசூல் மிஷினுக்குப் போகவே கூடாது.

சில்லறை_அக்கா
நோட்டை ஆளுக்கு ஒரு பக்கமா மாத்துங்க தம்பி. ஒவ்வொரு வரிக்கும் தேதி, வாங்கினது, கொடுத்தது, நிற்கிற பாக்கி. மாதம் 3,000-க்கு வாங்கி 2,000 கொடுக்கிறவர் தவறாமல் கொடுக்கிற நல்ல மனுஷராத் தெரிவார். நிற்கிற பாக்கியைப் பாருங்க: 1,000, 2,000, 3,000, 4,000. நாலு மாதத்தில் ஒரு மாதச் சரக்குக்கு மேல போயாச்சு. அவருக்கு அந்த 4,000-ஐத் தனிப் பக்கத்தில் நிறுத்தி மாதம் 500 கேளுங்க, புதுசா வாங்குறது அந்தந்த மாதச் சம்பளத்தில் தீரணும். வர்ற பணம் எதில் கழியுதுன்னு அவர் முன்னாடியே எழுதுங்க.

ரெடிகாசு
சொந்தக்காரங்களிடம் இதெல்லாம் நடக்குமா?

சில்லறை_அக்கா
எல்லாரிடமும் நடக்காது. அவங்க பக்கத்திலும் எழுதிட்டாவது வைங்க.

மளிகை_திண்டுக்கல்
இன்னொண்ணு. 100-க்கு 12 நின்னா 2,91,000-க்கு, வாடகை, சம்பளம் 14,000 போக, லாபம் 20,000-க்கு மேல வருதே. பாக்கியில் 15,000, வீட்டுக்கு 7,000, கையிருப்பில் குறைஞ்சது 9,000. கூட்டிக் கழிச்சால் 13,000தான். மீதி?

பேரேடு
விற்ற சரக்கின் அசல் 2,56,000 சொச்சம், வாங்கினது 2,64,000. கிட்டத்தட்ட 8,000-க்குச் சரக்கு கூடுதலா ரேக்கில் நிற்கணும். 12 நிற்குதுங்கிறது நிஜமான்னு அதில்தான் தெரியும். ஞாயிறு மத்தியானம் கடை அடைச்சதும் எண்ணுங்க, எண்ணெய், பருப்பு, சோப்புன்னு விலை அதிகமானதிலிருந்து. போன மாத ஆரம்ப இருப்பு எழுதி வச்சிருக்கீங்களா?

மளிகை_திண்டுக்கல்
இல்லை அண்ணே. இந்த ஞாயிறு எண்ணி எழுதிடறேன்.