மறு: "இன்டெக்ஸ் எஃபெக்ட்" தமிழில் என்ன? (திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது)

கோவை, வணிகவியல் விரிவுரையாளர்
வணக்கமுங்க. நிஃப்டி 50-ல் ஒரு பங்கைச் சேர்க்கப் போவதாக அறிவித்ததும் அதன் விலை நகர்கிறதே, அதற்கு ஒரு சொல் வேண்டும். குறியீட்டில் பங்குகளின் எடையை மாற்றியமைக்கும் "ரீபேலன்ஸிங்"குக்கும் ஒன்று. "சேர்க்கை விளைவு", "மறுசீரமைப்பு" என்று எழுதி வைத்தேன். மாணவர்கள் முதலாவதை அட்மிஷன் என்றும், இரண்டாவதைக் கடன் மறுசீரமைப்பு என்றும் படிக்கிறார்கள்.

கோபி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்
சேர்ப்பு + ஏற்றம் = சேர்ப்பேற்றம். "உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்" என்ற நன்னூல் விதிப்படி சுத்தமான புணர்ச்சி. "விளைவு" வேண்டாம், அது நம் பக்கம் வெள்ளாமைச் சொல்.

திருப்பூர்
சொல் எதுவானாலும் விஷயம் எளிது. அறிவிப்பு வந்த மறுநாள் வாங்கி, சேர்க்கிற அன்றைக்கு விற்றுவிட வேண்டும். குறியீட்டை அப்படியே பின்பற்றும் இன்டெக்ஸ் ஃபண்டுகள் எப்படியும் வாங்கித்தானே ஆகணும்?

பொள்ளாச்சி, ஃபண்டு டீலிங் வேலை
வாங்கித்தான் ஆகணும், அது சரி. எந்த அரை மணி நேரத்தில் என்பதுகூடத் தெரியும். என்எஸ்இ-யில் முடிவு விலை என்பது 3:00 முதல் 3:30 வரை நடந்த வியாபாரத்தின் சராசரி. அந்த விலையிலிருந்து விலகினால் ஃபண்டு குறியீட்டை விட்டு விலகிவிடும், அதனால் எல்லோரும் அந்த அரை மணியில்தான் குவிவார்கள்.

ஒரு பேச்சுக்கு, குறியீட்டைப் பின்தொடரும் பணம் 4 லட்சம் கோடி, புதுப் பங்கின் எடை 1% என்று வைத்துக்கொள்ளுங்கள். 4,000 கோடிக்கு வாங்க வேண்டும். அந்தப் பங்கின் அன்றாட வியாபாரம் 1,000 கோடி என்றால், நான்கு நாள் சரக்கை அரை மணியில் எடுக்க வேண்டும். விற்பது யார்? முன்கூட்டியே வாங்கி வைத்தவர்கள். அழுத்தம் தீர்ந்தபின் விலை திரும்புவதும் உண்டு. அதனால் "ஏற்றம்" என்று பெயரிலேயே தீர்ப்புச் சொல்லக் கூடாது. நீக்கப்படும் பங்குக்கு அது பொருந்தவும் பொருந்தாது.

ஈரோடு, மஞ்சள் மண்டி
விலைவாசிக் குறியீட்டில் மஞ்சளைச் சேர்க்கிறாங்களாங்க? எங்களுக்கு ஒண்ணும் தகவல் வரலியே.

கோவை
இல்லீங்க, இது பங்குச் சந்தைக் குறியீடு.

ஈரோடு
சரிங்க. இருந்தாலும் சொல்றேன். கப்பல் தேதி நெருங்கின ஏற்றுமதிக்காரர் ஏலத்துக்கு வரார்னு தெரிஞ்சா, முந்தின வாரமே விலை ஏறிக்கும். அவர் வர்ற அன்னைக்கு வாங்கினவன்தான் மாட்டிக்குவான்.

பொள்ளாச்சி
மண்டிக்காரர் சொன்னதுதான் திருப்பூருக்குப் பதில். ஜொமாட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்&ஓ எனும் முன்பேரப் பிரிவில் வணிகமாகும் பங்குக்குத்தான் நிஃப்டி 50-ல் இடம். ஜொமாட்டோவுக்கு அந்தத் தகுதி 2024 நவம்பர் 29-ல் வந்தது. சந்தையில் புழங்கும் பங்குகளின் மதிப்பு, அதாவது ஃப்ரீ ஃப்ளோட் மதிப்பு, குறியீட்டில் உள்ளதிலேயே சிறிய பங்கைப்போல் 1.5 மடங்கு இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. கணக்குக்கு எடுப்பது ஜனவரி 31 வரையிலான ஆறு மாதச் சராசரி. ஆக, ஜனவரி முடிந்ததுமே பெயரை ஊகித்துவிடலாம். அறிவிப்பு வந்தது 2025 பிப்ரவரி 21. நடைமுறை மார்ச் 28, ஃபண்டுகள் வாங்கியது மார்ச் 27-ன் கடைசி அரை மணியில்.

இடைப்பட்ட ஐந்து வாரத்தில் நிஃப்டி சுமார் 22,800-லிருந்து 23,600-க்கு ஏறியது. ஜொமாட்டோ இறங்கியது. திருப்பூர் விதிப்படி வாங்கியவருக்கு நஷ்டம். கம்பெனிச் செய்தியும் துறைச் செய்தியும் அந்த அழுத்தத்தை விழுங்கிவிடும் என்பதற்கு இது ஒரு சாட்சி. ஒரு பங்கை வைத்து விதி கெட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஆண்டுக்கு ஒரு சில பங்கு மட்டும் மாறும் குறியீட்டில் விதியைச் சோதிக்க மாதிரிகளே போதாது.

திருப்பூர்
அமெரிக்காவில் நல்ல லாபம் பார்த்திருக்கிறார்களே?

பொள்ளாச்சி
பார்த்தார்கள். எஸ்&பி 500-ல் 1990-களில் சேர்ந்த பங்குகள் சந்தையைவிடச் சராசரியாக 7% அளவுக்கு மேலே போயின. 2010-களில் அது 1%-க்கும் கீழே. நம் ஊரில் வாங்கும்போதும் விற்கும்போதும் எஸ்டிடி எனும் பரிவர்த்தனை வரி தலா 0.1%, வாங்கும்போது முத்திரைத்தீர்வை 0.015%, மிஞ்சும் லாபத்துக்கு 20% குறுகியகால வரி. இவ்வளவையும் கழித்தபின் அந்த 1%-ல் என்ன தேறும்? மிச்சம் இருப்பதாகச் சொன்னால், அது அறிவிப்புக்கு முன்னால் ஊகித்து வாங்குவதில்தான். அதிலும் ஊகம் தவறினால், எல்லோரும் ஒரே வாசல் வழியாக வெளியேறுவார்கள்.

கோபி
பங்கு கிடக்கட்டும். "ஏற்றம்" மேலே போவது மட்டுமா? கிணற்றேற்றம் இறங்கித்தான் ஏறும். மாடு கட்டி நீர் இறைக்கும் கவலையில், மாடு சரிவான வாரியில் இறங்கினால்தான் தண்ணீர் ஏறும், பிறகு மாடு பின்வாங்கும். திரும்புதல் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது!

கோவை
ஐயா, கவலையை என் மாணவர்கள் பார்த்ததே இல்லை. "விலைத்தாக்கம்" என்றால் ஏறுவது இறங்குவது இரண்டும் அடங்கும். ரீபேலன்ஸிங்குக்கு?

ஈரோடு
எடை சரிக்கட்டல்.

திருப்பூர்
சரிக்கட்டுவது என்றால் எங்க ஊரில் கையூட்டு.

பொள்ளாச்சி
"எடைத்திருத்தம்" போடுங்க. நடப்பதும் அதுதான்.

கோவை
"சேர்ப்பு விலைத்தாக்கம்", "எடைத்திருத்தம்" என்று அனுப்பிவிடுகிறேன். மூன்று பேர் ஒப்புதல், ஒருவர் பேசவில்லை.

கோபி
நீக்கத்துக்கும் "சேர்ப்பு" என்றே எழுதப் போகிறீர்களா? நான் ஒப்பவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.