தரப்பிரிவில் முடங்கிய சரக்கு: மேலாளருக்கு இப்படி எழுதலாமா?

கொள்முதல்மேசை: தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். ஒரு சிறு பட்டறையின் கேஸ்கெட்டுகள் ஜூன் 3 அன்று வந்து இறங்கின. தரப்பிரிவு கையெழுத்திடாமல் சரக்கு வரவு பதிவாகாது. அது பதிவாகாமல் கணக்குப் பிரிவு பில்லைத் தொடாது. இன்று 19. மேலாளருக்கு எழுதி வைத்திருக்கிறேன்: "பலமுறை நினைவூட்டியும் தரப்பிரிவு ஒத்துழைக்கவில்லை. தாங்கள் தலையிட வேண்டுகிறேன்." அனுப்பலாமா?

நடுநிலையான்: அனுப்பாதீர்கள். எழுந்து போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். எழுத்தில் வந்துவிட்டால் அடுத்த சரக்கையும் ஆறப்போடுவார்கள்.

சுருதிபேதம்: என் கல்லூரியில் நிலுவைச் சம்பளக் கோப்பு ஆண்டுக்கணக்கில் தூங்குகிறது. முதல்வரிடம் சொன்னால் கருவூலத்தைக் காட்டுகிறார். எழுதி என்ன பயன்?

கறார்பேர்வழி: இயக்குநர் வரை எல்லோருக்கும் நகல் போடுங்கள். குறுந்தொழில் என்றால் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பரிசோதனை முடிந்த நாளிலிருந்து கணக்கு.

பழையலெட்ஜர்: கடைசி வரி தவறு. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். அந்தக் கெடு நேற்றோடு முடிந்தது. கொள்முதல் ஆணையில் 60 நாள் கடன் என்று அச்சிட்டிருந்தாலும் ஜூலை 18தான் எல்லை. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் அந்த 15 நாளே எல்லை. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. பட்டறைக்குக் குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு உண்டா என்று முதலில் பாருங்கள்.

இருக்கட்டும், தரப்பிரிவு என்னதான் காரணம் சொன்னது?

கொள்முதல்மேசை: பதிவு உண்டு. தடிமன் அளக்கும் கருவி அளவுத்திருத்தத்துக்குப் போயிருக்கிறதாம், எப்போது வரும் என்று தெரியாதாம். 11 அன்று எழுத்திலேயே சொன்னார்கள்.

பழையலெட்ஜர்: அப்படியானால் "ஒத்துழைக்கவில்லை" என்பது பொய்யாகிவிடும், அவர்களிடம் கருவி இல்லை. "தலையிடுங்கள்" என்றால் மேலாளர் தொலைபேசியில் பேசுவார், அதே பதில்தான் கிடைக்கும். அவரால் மட்டும் முடிகிற ஒன்றைக் கேளுங்கள்:

"பொருள்: கேஸ்கெட் பரிசோதனை நிலுவை, ஜூன் 23க்குள் தங்கள் முடிவு தேவை.

சரக்கு ஜூன் 3 அன்று வந்தது. அளவுகருவி வெளியே இருப்பதாகத் தரப்பிரிவு 11 அன்று எழுதியது (இணைப்பு). பணம் தரக் கடைசி நாள் ஜூலை 18. மாதிரிகளை வெளி ஆய்வகத்தில் சோதிக்க அனுமதி வேண்டும். அல்லது இந்த ஒரு முறை பட்டறையின் சோதனைச் சான்றிதழை ஏற்குமாறு தரப்பிரிவுத் தலைவரிடம் தாங்கள் பேச வேண்டும்."

நடுநிலையான்: இதில் குற்றச்சாட்டு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தரப்பிரிவுத் தலைவருக்கு நகல் வேண்டாம்.

பழையலெட்ஜர்: கட்டாயம் வேண்டும். அவர் முதுகுக்குப் பின்னால் போனதாக நாளை பேச்சு வரக்கூடாது.

நடுநிலையான்: நகல் பார்த்ததும் அவர் விளக்கம் எழுதத் தொடங்குவார், கேஸ்கெட் அங்கேயே கிடக்கும். முதலில் மேலாளர் வாய்மொழியாகப் பேசட்டும்.

கறார்பேர்வழி: இயக்குநருக்கும் போடுங்கள் என்றுதான் இன்னமும் சொல்வேன்.

கொள்முதல்மேசை: மேலாளருக்கு மட்டும் இப்போது அனுப்புகிறேன். நகல் போடுவதா என்று அவரிடமே கேட்டிருக்கிறேன்.